"அது சரி, உண்மையில் எந்த ஊர்?"

வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த ஒரு பெண்ணிடம் "நீ எந்த ஊர்?" என்று கேட்பதில் தவறு எதுவும் இல்லை. ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் நாம் எல்லோரும் கேட்பதுதான். அவள் தான் வாழும் ஊரின் பெயரைச் சொல்கிறாள். கேட்டவர் தலையசைத்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டால் விஷயம் அத்தோடு முடிந்தது. ஆனால் பல நேரம் அது அங்கே முடிவதில்லை. "அது சரி, உண்மையில் எந்த ஊர்?" என்று இன்னொரு கேள்வி வருகிறது. முதல் கேள்வி ஒரு தகவலைத்தான் கேட்டது. இரண்டாவது கேள்வி, அவள் கொடுத்த தகவல் செல்லாது என்று திருப்பிக் கொடுக்கிறது.

2022 நவம்பர் 29 அன்று லண்டன் பக்கிங்ஹாம் அரண்மனையில் ஒரு வரவேற்பு நடந்தது. பெண்கள் மீதான வன்முறைக்கு எதிராகப் பணியாற்றுபவர்களை அழைத்திருந்தார்கள். சிஸ்டா ஸ்பேஸ் என்ற தொண்டு அமைப்பின் நிறுவனர் ங்கோசி ஃபுலானியும் போயிருந்தார். அரச குடும்பத்துக்குப் பல பத்தாண்டுகள் பணியாற்றிய லேடி சூசன் ஹஸ்ஸி அவரிடம் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். ஃபுலானி தன் அமைப்பின் பெயரைச் சொன்னார். கேள்வி மறுபடி வந்தது. அமைப்பு இருக்கும் ஹாக்னி பகுதியைச் சொன்னார். ஆப்பிரிக்காவின் எந்தப் பகுதி என்று கேட்கப்பட்டது. தான் பிரிட்டனில் பிறந்தவள் என்றார். அதற்குப் பிறகும் கேள்வி ஓயவில்லை. அந்த உரையாடலை ஃபுலானி வெளியிட்ட பிறகு ஹஸ்ஸி தன் கௌரவப் பொறுப்பிலிருந்து விலகினார். டிசம்பரில் இருவரும் சந்தித்தார்கள், ஹஸ்ஸி மன்னிப்புக் கேட்டார்.

செய்தித்தாள்கள் அந்த ஒரு மாலையைப் பற்றி விரிவாக எழுதின. ஆனால் இந்தக் கேள்வியின் பாரம் ஒரு மாலையில் தெரிவதில்லை. திரும்பத் திரும்பக் கேட்கப்படுவதில்தான் அது இருக்கிறது. பள்ளியில், பேருந்தில், பல் மருத்துவரிடம், பக்கத்து வீட்டில் என்று சிறு வயதிலிருந்து அதே கேள்வியைக் கேட்டு வளரும் ஒரு பெண்ணுக்குள் என்ன நடக்கிறது என்பதைச் செய்தியால் சொல்ல முடியாது. சிறுகதையால் முடியும். ஆனால் சிறுகதைக்கும் ஒரு சிக்கல் உண்டு. அதற்குப் பக்கங்கள் குறைவு. ஒரே கேள்வியை பத்துப் பேர் பத்து இடங்களில் கேட்பதாக அடுக்கினால் மூன்றாவது இடத்திலேயே வாசகர் களைத்துவிடுவார். திரும்பத் திரும்ப வருவதைச் சலிப்பில்லாமல் எப்படிக் காட்டுவது?

அப்படி ஒரு கதையை முதலிலிருந்து கட்டிப் பார்க்கலாம். கதையின் பெண்ணுக்கு ஆரபி என்று பெயர் வைப்போம். வயது 15. யாழ்ப்பாணத்திலிருந்து சுவிட்சர்லாந்துக்குப் போய்ச் சேர்ந்த பெற்றோரின் மகள். ஊர், பேர்ன் மாநிலத்தில் எம்மென்டால் பள்ளத்தாக்கில் இருக்கும் லாங்நாவ். சுவிட்சர்லாந்தைத் தேர்ந்தெடுப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. "உண்மையில் எந்த ஊர்?" என்ற கேள்வியை அந்த நாடு தன் அடையாள அட்டையிலேயே அச்சிட்டு வைத்திருக்கிறது.

பாஸ்போர்ட்டில் ஓர் ஊர்

நம் பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் இருக்கும். சுவிஸ் பாஸ்போர்ட்டில் அது இருக்காது. அந்த இடத்தில் பூர்வீக ஊரின் பெயர் இருக்கும். ஜெர்மன் பேசும் பகுதிகளில் இதை ஹைமாட்டோர்ட் என்கிறார்கள். இது ஒருவர் பிறந்த ஊராகவோ வாழும் ஊராகவோ இருக்க வேண்டியதில்லை. குடும்பப் பெயரோடு தலைமுறை தலைமுறையாக இறங்கி வருவது. ஒரு காலத்தில் இதற்குப் பெரிய பொருள் இருந்தது. ஒருவர் ஏழ்மையில் விழுந்தால் அவரைத் தாங்கும் கடமை அவர் வாழ்ந்த ஊருக்கு இல்லை, பூர்வீக ஊருக்குத்தான் இருந்தது. இன்று அந்தக் கடமை போய்விட்டது, பெயர் மட்டும் அட்டையில் நிற்கிறது. தன் பூர்வீக ஊரை ஒருமுறைகூடப் போய்ப் பார்க்காத சுவிஸ் குடிமக்கள் நிறையப் பேர்.

ஆரபிக்கு அந்த ஊர் இல்லை. சுவிட்சர்லாந்தில் பிறந்தாலே குடியுரிமை கிடைத்துவிடாது. 2018இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, பத்து ஆண்டுகள் நாட்டில் வாழ்ந்திருக்க வேண்டும். நிரந்தர வதிவிட அனுமதியான 'சி' அட்டை கையில் இருக்க வேண்டும். எட்டு வயதிலிருந்து பதினெட்டு வயது வரை வாழும் ஆண்டுகள் இரட்டிப்பாகக் கணக்கிடப்படும் என்பதால் ஆரபி போன்ற பிள்ளைகளுக்கு ஆண்டுக்கணக்கு ஒரு தடையில்லை. ஆனால் விண்ணப்பம் ஊராட்சி, மாநிலம், நாடு என்ற மூன்று படிகளையும் தாண்ட வேண்டும். செலவும் உண்டு. பேர்ன் மாநிலத்தில், கடந்த பத்து ஆண்டுகளில் அரசின் சமூக உதவிப் பணம் பெற்றவர்கள் பொதுவாக அதைத் திருப்பிக் கட்டிய பிறகுதான் விண்ணப்பிக்க முடியும். நம் கதையில் ஆரபியின் அப்பா உணவகச் சமையலறையில் வேலை பார்ப்பவர். முதுகு வலியால் ஓராண்டு வேலைக்குப் போக முடியாமல் உதவிப் பணத்தில் குடும்பம் ஓடியது. அதனால் வீட்டில் குடியுரிமைப் பேச்சு எழும்போதெல்லாம் "பிறகு பாப்பம்" என்பதோடு நின்றுவிடுகிறது.

இந்த ஊராட்சிப் படி எவ்வளவு கூர்மையானது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். லூட்சேர்ன் மாநிலத்தில் எம்மென் என்ற ஊரில், 2000ஆம் ஆண்டு மார்ச்சில், குடியுரிமை கேட்டவர்களைப் பற்றி ஊர் மக்கள் வாக்குப்பெட்டியில் தீர்ப்பளித்தார்கள். விண்ணப்பித்தவர்களின் படங்களும் விவரங்களும் அடங்கிய சிறு புத்தகம் வீடு வீடாகப் போயிருந்தது. இத்தாலியிலிருந்து வந்தவர்களை ஊர் ஏற்றுக்கொண்டது. முன்னாள் யூகோஸ்லாவியாவிலிருந்து வந்தவர்களை நிராகரித்தது. காரணம் சொல்லாமல் இப்படி வாக்கெடுத்து மறுப்பது அரசியலமைப்புக்கு முரணானது என்று 2003இல் சுவிஸ் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. "உண்மையில் எந்த ஊர்?" என்ற கேள்விக்கு ஓர் ஊரே சேர்ந்து விடை எழுதிய நாள் அது. ஆரபி பிறப்பதற்கு முன் நடந்தது என்றாலும் பெற்றோர் தலைமுறைக்கு அது நினைவிருக்கிறது.

இவ்வளவையும் கதைக்குள் சொல்லக்கூடாது. சிறுகதையில் ஒரே ஒரு படிவம் போதும். சுவிட்சர்லாந்தில் பல படிவங்களில் பெயர், பிறந்த தேதி ஆகியவற்றுக்குக் கீழே 'பூர்வீக ஊர் / நாட்டுரிமை' என்று ஒரு கட்டம் இருக்கும். சுவிஸ் குடிமக்கள் அதில் ஓர் ஊரை எழுதுவார்கள். மற்றவர்கள் ஒரு நாட்டை எழுதுவார்கள். புர்க்டோர்ஃப் மருத்துவமனையில் பிறந்து, லாங்நாவில் வளர்ந்து, எம்மென்டால் வழக்கில் பாலை 'மில்ஹ்' என்று சொல்லாமல் 'மியூஹ்' என்று சொல்லும் ஆரபி அந்தக் கட்டத்தில் 'இலங்கை' என்று எழுதுகிறாள். கதையின் முதல் வரி இதுவாக இருக்கலாம்.

ஐந்து நாட்கள், ஒரே கேள்வி

அந்தப் படிவத்தை அவள் எங்கே நிரப்புகிறாள்? சுவிட்சர்லாந்தில் ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் தொழிற்பயிற்சிக்குப் போகிறார்கள். எந்தத் தொழில் தனக்கு ஒத்துவரும் என்று பார்க்க, அதற்கு முன்பு சில நாட்கள் ஓர் இடத்தில் கூடவே நின்று வேலை பழகுவார்கள். ஆரபிக்கு நோயாளர் பராமரிப்பில் விருப்பம். ஒரு முதியோர் இல்லத்தில் திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாட்கள் அவளுக்குக் கிடைக்கின்றன. காலை உணவுத் தட்டு கொண்டுபோவது, படுக்கை விரிப்பு மாற்றுவது, நடைவண்டியோடு நடப்பவர்களுக்குத் துணையாகப் போவது, இவைதான் வேலை.

அங்கே 14ஆம் அறையில் ஃபாங்க்ஹவுசர் அம்மா இருக்கிறார். வயது 88. மறதி நோய். ஒவ்வொரு காலையும் ஆரபியை முதல்முறை பார்ப்பதுபோல் பார்ப்பார், முதல்முறை கேட்பதுபோல் கேட்பார். திரும்பத் திரும்ப வரும் கேள்விக்கான சிக்கல் இங்கே தீர்ந்துவிடுகிறது. பத்துப் பேர் தேவையில்லை, ஒருவர் போதும். அவர் மேல் கோபப்படவும் முடியாது, ஏனென்றால் அவரிடம் கெட்ட எண்ணம் இல்லை. வாசகருக்கு எளிதாக வெறுக்க ஓர் ஆள் கிடைக்காதபோதுதான் கேள்வியையே உற்றுப் பார்க்க வேண்டிவரும்.

திங்கட்கிழமை:

"நீ எந்த ஊர்?"

"லாங்நாவ்."

"அது சரி. உண்மையில்?"

"அம்மா அப்பா இலங்கையிலிருந்து வந்தவர்கள்."

"ஓ, சிலோன். நல்ல தேயிலை."

ஆரபி சிரித்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வருகிறாள். அவளுக்குப் பழகிய பாதை இது. எந்தப் படியில் கேட்பவருக்குத் திருப்தி வரும் என்று அவளுக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை நேரத்தை மிச்சப்படுத்த நினைக்கிறாள். கேள்வி வந்ததும் நேராக "இலங்கை" என்கிறாள். ஃபாங்க்ஹவுசர் அம்மா புருவத்தைச் சுருக்குகிறார். "போ பிள்ளை, நீ எங்கள் ஊர்ப் பேச்சல்லவா பேசுகிறாய்?" இந்தப் பதிலும் செல்லவில்லை. ஊரின் பெயரைச் சொன்னால் முகம் இடிக்கிறது, நாட்டின் பெயரைச் சொன்னால் பேச்சு இடிக்கிறது. கதையின் நடு எலும்பு இந்தக் காட்சிதான். இந்தக் கேள்விக்குச் சரியான விடை ஒன்று இருக்கிறது, அதைக் கண்டுபிடித்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்றுதான் ஆரபி இத்தனை நாளும் நம்பியிருந்தாள். அந்த நம்பிக்கை செவ்வாய்க்கிழமை காலை உணவு நேரத்தில் போய்விடுகிறது.

புதன்கிழமை அவள் "புர்க்டோர்ஃப்பில் பிறந்தேன்" என்கிறாள். பிறந்த இடத்தை யாரால் மறுக்க முடியும்? கிழவியார் மறுக்கவில்லை. "யாருடைய பிள்ளை?" என்று கேட்கிறார். எம்மென்டால் கிராமங்களில் பெரியவர்கள் சிறு பிள்ளைகளிடம் வழக்கமாகக் கேட்பது இது. எந்தப் பண்ணை, எந்தக் குடும்பம் என்று தெரிந்தால்தான் அந்தப் பிள்ளையை எங்கே வைத்துப் பார்ப்பது என்று அவர்களுக்குப் பிடிபடும். ஆரபிக்கு ஏதோ உறைக்கிறது. இதே கேள்வியை அவள் வேறு மொழியில் கேட்டிருக்கிறாள்.

கல்யாண மண்டபத்தில்

அதற்கு முந்தைய சனிக்கிழமை பேர்ன் நகரில் ஒரு தமிழ்க் கல்யாணம். சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது, முன்பின் தெரியாத ஒரு மாமி ஆரபியிடம் பேச்சுக் கொடுக்கிறார்.

"நீங்கள் எவடம் பிள்ளை?"

"லாங்நாவ்."

"அது இங்க இருக்கிற இடம். ஊரில எவடம்?"

"அம்மா கரவெட்டி."

"கரவெட்டியில எவடம்? எந்தக் கோயிலடி? நீர் ஆற்ற பிள்ளை?"

கரவெட்டியை ஆரபி பார்த்தது ஒரே ஒரு கோடை விடுமுறையில். கோயிலின் பெயர் அவள் நாக்கு நுனிவரை வருகிறது. அதற்குள் அம்மா எங்கிருந்தோ வந்து, மாமியிடம் சிரித்துப் பேசி, மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறார். காரில் வரும்போது சொல்கிறார்: "ஆரும் கேட்டால் ஊரைச் சொல்லு. கோயிலைச் சொல்லாத."

ஏன் என்று அம்மா விளக்குவதில்லை. கதையும் விளக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தை அறிந்த வாசகருக்கு அது விளங்கும். அங்கே ஊருக்குள் எந்தக் குறிச்சி, எந்தக் கோயிலைச் சுற்றிய குடியிருப்பு என்று தெரிந்தால் சாதியை ஊகித்துவிடலாம். வாய்விட்டுக் கேட்க முடியாத ஒன்றைக் கேட்க ஊர் விசாரிப்பு ஒரு சுற்றுவழி. கடல் கடந்து போன பிறகும், கல்யாணப் பேச்சு என்று வரும்போது அந்த வழி இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

இந்தக் காட்சியை விட்டுவிட்டு இந்தக் கதையை எழுதக்கூடாது என்று உறுதியாக நினைக்கிறேன். இதை விட்டுவிட்டால், வெள்ளைக்காரர்கள் கேட்டுப் புண்படுத்துகிறார்கள், நம்மவர்கள் அணைத்துக்கொள்கிறார்கள் என்ற சுலபமான கணக்கில் கதை போய் நின்றுவிடும். ஆரபியின் வாழ்க்கை அப்படி இல்லை. லாங்நாவில் அவளுடைய முதல் பதிலை ஏற்பதில்லை. கல்யாண மண்டபத்திலும் ஏற்பதில்லை. இரண்டு இடத்திலும் இரண்டாவது கேள்வி ஒரே வேலையைத்தான் செய்கிறது: இவளை எந்தப் படியில் வைப்பது என்று தீர்மானிக்கத் தேவையான தகவலைப் பிடுங்குகிறது. கரவெட்டிக்குப் போனால் அங்கே ஒழுங்கையில் விளையாடும் பிள்ளைகள் அவளைச் 'சுவிஸ்காரி' என்கிறார்கள். இதற்கு ஒரு வரி போதும். கதையின் எடை கல்யாண மண்டபத்தில் இருக்கிறது.

பென்சில்வேனியாவிலிருந்து வந்தவர்கள்

வியாழக்கிழமை முதியோர் இல்லத்துக்கு விருந்தாளிகள் வருகிறார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலிருந்து வந்த ஒரு கணவன் மனைவி. எம்மென்டாலுக்கு இப்படி வருபவர்கள் உண்டு. அதன் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் இந்தப் பள்ளத்தாக்கில், பச்சைக் குழந்தைக்குக் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது, வயது வந்த பிறகு தானாக விரும்பிப் பெறுவதே செல்லும் என்று நம்பிய கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். பேர்ன் அரசு அவர்களைச் சிறைப்பிடித்தது, நாடு கடத்தியது. ட்ராக்செல்வால்ட் கோட்டையில் அவர்களை அடைத்து வைத்திருந்தார்கள். ட்ரூப் என்ற ஊருக்கு அருகே ஒரு பண்ணை வீட்டில் அவர்கள் ஒளிந்த மறைவிடம் இன்றும் இருக்கிறது. தப்பியவர்கள் பிரான்சின் அல்சாஸுக்கும் ஜெர்மனிக்கும் போய், அங்கிருந்து பலர் அமெரிக்கா சேர்ந்தார்கள். அவர்களின் வழிவந்தவர்கள்தான் இன்றைய மென்னோனைட், ஆமிஷ் மக்களில் பலர். இவர்கள் எட்டு, ஒன்பது தலைமுறைக்குப் பிறகு முன்னோரின் பண்ணையைத் தேடி வருகிறார்கள்.

கதையில் வரும் தம்பதிக்கும் ஃபாங்க்ஹவுசர் என்றுதான் பெயர். இல்லத்துப் பொறுப்பாளர் அவர்களைக் கைகுலுக்கி வரவேற்கிறார். "ஊர் திரும்பியிருக்கிறார்கள்" என்று எல்லோரிடமும் சொல்கிறார். அவர்களுக்கு ஜெர்மன் தெரியாது. ஆரபிதான் பள்ளியில் படித்த ஆங்கிலத்தை வைத்து மொழிபெயர்க்கிறாள். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் போனவர்களின் பேரப்பிள்ளைகளிடம் யாரும் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. நடுவில் நின்று, அந்த ஊரின் பேச்சில், அந்த ஊரின் கதையை அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பவளிடம் அந்த அமெரிக்கப் பெண்மணி அன்போடு கேட்கிறார்: "நீ எங்கிருந்து வந்தவள், கண்ணே?"

இதை எழுதும்போது கை கட்டுப்பாடாக இருக்க வேண்டும். ஆரபி மனதுக்குள் பொங்குவதாக ஒரு பத்தி எழுதத் தோன்றும். அதை எழுதக்கூடாது. காட்சியே போதுமானது. அவள் பதில் சொல்கிறாள், தேநீர்க் கோப்பைகளை எடுத்து வைக்கிறாள், அவ்வளவுதான்.

ஆனால் விருந்தாளிகள் போன பிறகு, கதையில் முதல்முறையாக, அவள் கேட்கிறாள்.

"நீங்கள் எந்த ஊர், ஃபாங்க்ஹவுசர் அம்மா?"

"ட்ரூப்."

ஃபாங்க்ஹவுசர் குடும்பங்களின் பூர்வீக ஊர் ட்ரூப். அட்டையிலும் அதுதான் இருக்கிறது. ஆரபி கொஞ்சம் நிறுத்துகிறாள்.

"அது சரி. உண்மையில்?"

பழி தீர்க்கத்தான் கேட்கிறாள். அதை மென்மையாக்கக் கூடாது, பதினைந்து வயதுக்கு அந்தக் கோபம் உரியது. ஆனால் நடப்பது வேறு. ஃபாங்க்ஹவுசர் அம்மாவின் முகம் மலர்கிறது. அவர் ட்ரூப்பில் ஒரு நாளும் வாழ்ந்ததில்லை. அது கணவர் வழி வந்த ஊர். அவர் பிறந்து வளர்ந்தது ஜெர்மனும் பிரெஞ்சும் சேர்ந்து புழங்கும் பீல் நகரத்தில். கைக்கடிகாரத் தொழிற்சாலையில் பதினேழு வயதில் வேலைக்குச் சேர்ந்தார். கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கூந்தல் இழை போன்ற சுருள்வில்லை இடுக்கியால் எடுத்து வைப்பார். பக்கத்து மேசைப் பெண்ணோடு பிரெஞ்சில் பேசுவார். எண்களை இன்னும் பிரெஞ்சில்தான் எண்ண வருகிறது என்று ஒன்றிலிருந்து இருபதுவரை எண்ணிக் காட்டுகிறார். இதையெல்லாம் அவரிடம் யாரும் கேட்டு வெகுநாளாகிவிட்டது.

ஒரே கேள்வி, அதே சொற்கள். ஆரபியிடம் கேட்டபோது அது அவளுடைய பதிலைப் பறித்தது. ஃபாங்க்ஹவுசர் அம்மாவிடம் கேட்டபோது அவருக்குப் பேச இடம் கொடுத்தது. ஏனென்றால் அவருடைய ஊரை யாரும் சந்தேகிக்கவில்லை. ட்ரூப்பும் அவருடையதுதான், பீலும் அவருடையதுதான், லாங்நாவும் அவருடையதுதான். மூன்றையும் ஒன்றாக வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை இருக்கிறது. ஆரபி ஒன்றைச் சொன்னால் மற்றொன்றால் அதை அடிக்கிறார்கள். கதை சொல்ல வந்ததும் இந்த வேறுபாட்டைத்தான்.

எங்கே தவறும்

இந்தக் கருவில் எழுதப்படும் கதைகள் இரண்டு இடங்களில் வழுக்குகின்றன. ஒன்று, முடிவில் அந்தப் பெண் ஒரு பிரகடனம் செய்வது. "நான் இரண்டு ஊருக்கும் சொந்தக்காரி" என்று அவள் தலைநிமிர்ந்து சொல்ல, கேட்டவர்கள் வாயடைத்துப் போவார்கள். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அது அவளுடைய வாழ்க்கையில் நடப்பதில்லை. அவள் எவ்வளவு அழகாகச் சொன்னாலும் அடுத்த நாள் இன்னொருவர் முதலிலிருந்து கேட்பார். பதிலின் குறையால் வந்த கேள்வியாக இருந்தால்தானே நல்ல பதிலால் அதை முடிக்க முடியும்?

இரண்டாவது, அவளுடைய வீட்டை வாசனைகளால் நிரப்பிவிடுவது. கறிவேப்பிலை, மல்லிகை, சாமி படம், பாட்டியின் புடவை. இவை வீட்டில் இருக்கக்கூடாது என்பதில்லை. ஆனால் ஆரபி இவற்றை வாசனையாக உணர்வதில்லை, இவை அவளுக்குச் சாதாரணம். வெளியாள் உள்ளே வந்தால்தான் வாசனை தெரியும். எழுத்தாளரும் வெளியாளாக நின்று பார்த்தால், கதையே அவளிடம் இரண்டாவது கேள்வியைக் கேட்டுவிடுகிறது. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஆரபி என்ற பெயரை எடுத்துவிட்டு ஒரு துருக்கிப் பெண்ணின் பெயரையோ சோமாலியப் பெண்ணின் பெயரையோ போட்டு, சாப்பாட்டை மட்டும் மாற்றிப் படித்துப் பாருங்கள். கதை அப்படியே நின்றால் அது எந்தப் பெண்ணின் கதையும் இல்லை. "கோயிலைச் சொல்லாத" என்ற வரி இருக்கும் கதையில் வேறு பெயரைப் போட முடியாது.

வெள்ளிக்கிழமை

கடைசி நாள் காலை. ஃபாங்க்ஹவுசர் அம்மா நேற்று நடந்ததை மறந்துவிட்டார். தட்டோடு வரும் ஆரபியிடம் மறுபடி கேட்கிறார், நீ எந்த ஊர் என்று. அவள் "லாங்நாவ்" என்கிறாள். அவர் "உண்மையில்?" என்று தொடங்குவதற்குள், "நீங்கள் பீல், இல்லையா? கடிகாரத் தொழிற்சாலை" என்கிறாள். கிழவியார் திகைக்கிறார். "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டு, நேற்றுச் சொன்னதை முதலிலிருந்து சொல்லத் தொடங்குகிறார். ஆரபி கேட்டுக்கொண்டே விரிப்பை மாற்றுகிறாள்.

மாலையில் பொறுப்பாளர் அவளை அழைத்து, வேலை நன்றாக இருந்தது, அடுத்த ஆண்டு மூன்றாண்டுப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம் என்று சொல்லிப் படிவத்தைத் தருகிறார். அதே கட்டம். அவள் அதே 'இலங்கை'யைத்தான் எழுதுகிறாள். வேறு எதையும் எழுதச் சட்டம் அனுமதிப்பதில்லை, அதனால் கதையும் அனுமதிக்கக் கூடாது. என்றாவது லாங்நாவில் விண்ணப்பித்து அவளுக்குக் குடியுரிமை கிடைத்தால் லாங்நாவே அவளுடைய பூர்வீக ஊராகும். அப்போது ஃபாங்க்ஹவுசர் அம்மாவைப் போலன்றி, அட்டையில் இருக்கும் ஊரும் வளர்ந்த ஊரும் ஒன்றாக இருக்கும் பெண் அவள். அதற்குப் பிறகும் கேட்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

இந்தக் கதையில் ஆரபி மாற வேண்டியதில்லை. அவள் எல்லா முறையும் உண்மையைத்தான் சொன்னாள். மாற வேண்டியது கேட்பவரின் பக்கம். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகளிடம் நாமும் கேட்கிறோம். அவள் லாங்நாவ் என்றால், லாங்நாவைப் பற்றிக் கேளுங்கள். அது எங்கே இருக்கிறது, குளிர் எப்படி, அந்த ஊரின் ஐஸ் ஹாக்கி அணி இந்த முறை ஜெயிக்குமா என்று கேளுங்கள். கரவெட்டியைப் பற்றி அவளுக்குச் சொல்லத் தோன்றினால், அதை அவளே கொண்டுவருவாள்.